20ஆம் தேதி இன்டர்வியூ, அதே நாள் 3பி கடைசித் தேதி: எப்படிக் கேட்டு மாற்றுவது?

பனியன்கணக்கு | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் நான்கு வருஷமாக வேலை பார்க்கிறேன். கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் சீனியர் அக்கவுன்டன்ட் வேலைக்குப் போட்டிருந்தேன். முதல் ரவுண்டு போன வாரம் போனிலேயே முடிந்தது. ஃபைனான்ஸ் மேனேஜர்தான் பேசினார், நன்றாகவே போனது. இன்று மாலை எச்.ஆர். மேடம் வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார்: "20ஆம் தேதி வியாழன் காலை 11.30க்கு நேரில் வாங்க, எம்.டி. சாரும் இருப்பார்."

20ஆம் தேதி என்னவென்று ஜி.எஸ்.டி. பார்க்கிறவர்களுக்குத் தெரியும். மாதாந்திர ஜி.எஸ்.டி. ரிட்டர்னான 3பி தாக்கலுக்குக் கடைசி நாள். எங்களிடம் 38 பார்ட்டி. அதில் பதினொன்று இன்னும் முடியவில்லை, ஏனென்றால் பாதிப் பேர் பர்ச்சேஸ் பில்லை 18, 19ஆம் தேதிதான் மஞ்சப்பையில் போட்டு எடுத்துவருவார்கள். எல்லாம் முடித்து ஃபைல் பண்ணப் போனால் ஓ.டி.பி. ஓனருடைய போனுக்குப் போகும். அவர் டையிங் பட்டறையில் நின்றுகொண்டு போனை எடுக்கமாட்டார். ஒரு நாள் தள்ளினால் 50 ரூபாய் லேட் ஃபீ, கட்ட வேண்டிய வரிக்கு வருஷத்துக்கு 18 சதவீதக் கணக்கில் வட்டி. தொகை சிறிதாக இருந்தாலும் பேச்சு பெரிதாக வரும். கூட வேலை பார்த்த அக்கா பிரசவ லீவில் இருப்பதால் இந்த மாதம் எல்லாமே என் தலையில். அன்றைக்கு லீவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த வேலை எனக்கு வேண்டும். தேதி மாற்றக் கேட்டால் ஆர்வமில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்றுதான் பயம். ஒரு மெசேஜ் எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பலாமா சொல்லுங்கள்:

"மேடம் வணக்கம். மிகவும் மன்னிக்கவும். தவிர்க்க முடியாத சில காரணங்களால் வியாழக்கிழமை என்னால் வர இயலுமா என்று தெரியவில்லை. தங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் வேறு நாள் மாற்றித் தர முடியுமா? எந்த நாளாக இருந்தாலும் சரி. இந்த வேலையில் எனக்கு மிகுந்த ஆர்வம் உள்ளது. சிரமத்துக்கு மீண்டும் மன்னிக்கவும்."

ஓட்டைப்பேனா | திங்கள், இரவு 9.58

காரணத்தையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். காய்ச்சல் என்று ஒரு வரி போடுங்கள், வேலை முடிந்தது. உடம்பு சரியில்லை என்றால் எந்த எச்.ஆரும் அடுத்த கேள்வி கேட்கமாட்டார். நான் மூன்று தடவை செய்திருக்கிறேன், மூன்று தடவையும் மாற்றிக் கொடுத்தார்கள்.

தாமிரபரணி மணி | திங்கள், இரவு 10.05

தம்பி/தங்கச்சி, இது ரொம்ப சாதாரண விஷயம். ஆஃபர் லெட்டரில் இருக்கிற தேதிக்கு முன்னாலேயே எழுத்தில் கேட்டுவிட வேண்டும். நோட்டீஸ் பீரியட் அறுபது நாள் இருக்கிறது, ரிலீவிங் ஆர்டர் வாங்கிக்கொண்டுதான் சேர முடியும் என்று மெயில் போடுங்கள். பொதுவாக ஒரு மாதம் வரை தள்ளித் தருவார்கள். நான் அப்படித்தான் சேர்ந்தேன்.

பனியன்கணக்கு | திங்கள், இரவு 10.09

மணி அண்ணா, நான் கேட்டது சேரும் தேதி இல்லை. இன்டர்வியூ தேதி. ஆஃபர் எல்லாம் இன்னும் கண்ணிலேயே காணோம் :)

தாமிரபரணி மணி | திங்கள், இரவு 10.11

அட ஆமாம். கண்ணாடி போடாமல் படித்துவிட்டேன். நடத்துங்கள்.

நொய்யல்கரை | திங்கள், இரவு 10.47

கோவைப் பக்கம் உற்பத்திக் கம்பெனிகளில் 14 வருஷமாக எச்.ஆர். வேலை பார்க்கிறேன். இந்த மாதிரி மெசேஜை வாங்குகிற பக்கம் உட்கார்ந்திருக்கிறவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் மெசேஜில் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு நான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. முதலில், "வர இயலுமா என்று தெரியவில்லை" என்ற வரி. வருவீர்களா, மாட்டீர்களா? நான் அதே நாளில் வேறு ஏற்பாடு இல்லை என்று சொன்னால் வந்துவிடுவீர்களா? இதை நீங்கள் மெசேஜ் எழுதுவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள். கஷ்டம்தான், ஆனாலும் முடியும் என்றால் கேட்கவே கேட்காதீர்கள், போய்விடுங்கள். இரண்டுக்கும் நடுவில் தொங்குகிற மெசேஜ் வந்தால் நான் உங்களைத் திரும்பக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். அந்த நேரத்தில் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிடுவது எனக்குச் சுலபம்.

அடுத்தது "எந்த நாளாக இருந்தாலும் சரி". இது பணிவான வார்த்தை மாதிரி தெரியும், உண்மையில் வேலையை என் பக்கம் தள்ளுகிற வார்த்தை. எம்.டி. எப்போது ஊரில் இருப்பார், மேனேஜருக்கு எப்போது மீட்டிங் இல்லை என்று இரண்டு பேரின் டைரியை நான் ஏற்கனவே பொருத்திப் பார்த்துத்தான் வியாழன் 11.30 என்று எழுதியிருப்பேன். மறுபடி அவர்களிடம் போகும்போது கையில் ஏதாவது இருந்தால்தான் பேச முடியும். "வெள்ளி 11க்கு மேல் அல்லது சனி முழு நாள், எது சார் சரிப்படும்?" என்று கேட்டால் அவர் நடந்துகொண்டே பதில் சொல்லிவிடுவார். "அந்தப் பொண்ணு வேற நாள் கேக்குது சார்" என்று போனால், "அப்புறம் பாக்கலாம்" என்பார். அந்த அப்புறம் பல சமயம் வருவதே இல்லை.

ஆர்வம் பற்றிப் பயப்படுகிறீர்கள். "மிகுந்த ஆர்வம் உள்ளது" என்று எழுதாத ஆளே இல்லை, அதனால் அந்த வரியை நாங்கள் படிப்பதே இல்லை. நாங்கள் பார்ப்பது புதுத் தேதி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைத்தான். வியாழன் முடியாது, வெள்ளி வருகிறேன் என்கிறவருக்கு வேலை வேண்டும். வியாழன் முடியாது, அடுத்த வாரம் ஏதாவது ஒரு நாள் என்கிறவர் வேறு எங்கோ ஒரு பதிலுக்குக் காத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்வோம். தப்பாகவும் இருக்கலாம், ஆனால் அப்படித்தான் எடுத்துக்கொள்வோம்.

சரி, நீங்கள் வெள்ளி, சனியில் எப்போது வர முடியும்? அதைச் சொல்லுங்கள், மெசேஜைச் சேர்ந்து எழுதலாம்.

பனியன்கணக்கு | திங்கள், இரவு 11.02

அக்கா, ரொம்ப நன்றி. 20 முடிந்துவிட்டால் மறுநாள் எங்கள் சாரே லேட்டாக வரச் சொல்வார். வெள்ளிக்கிழமை லீவு கேட்டாலும் கிடைக்கும். பஸ்ஸில் கோவை போய், அங்கிருந்து கம்பெனிக்கு டவுன் பஸ் பிடிக்க எப்படியும் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும், அதனால் 11 மணிக்கு மேல் நல்லது. சனி முழு நாளும் முடியும்.

காரணம் சொல்லலாமா? ஓட்டைப்பேனா அண்ணா சொன்ன மாதிரி காய்ச்சல் என்றால் பேச்சே இல்லைதான், ஆனால் எனக்கு மனசு வரவில்லை.

நொய்யல்கரை | திங்கள், இரவு 11.20

ஓட்டைப்பேனா சொன்னதில் பாதி சரி. காரணத்தை விரித்துச் சொல்லத் தேவையில்லை. "அன்று ஏற்கனவே ஒப்புக்கொண்ட வேலை இருக்கிறது" என்றாலே போதும், நாகரிகமான எச்.ஆர். தோண்டமாட்டார். ஆனால் காய்ச்சல் வேண்டாம். திங்கள் இரவே வியாழக்கிழமைக் காய்ச்சலைப் பற்றி எப்படி எழுதுவீர்கள்? கூடவே வெள்ளி 11 மணிக்கு நல்லபடியாக வந்து நிற்பேன் என்றும் எழுத வேண்டுமே. தவிர, நம் பக்கத்தில் ஆடிட்டர்களும் கம்பெனி ஃபைனான்ஸ் ஆட்களும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். யார் எந்தக் கல்யாணத்தில் யாரோடு பந்தியில் உட்காருவார்கள் என்று சொல்ல முடியாது.

உங்கள் விஷயத்தில் காரணமே உங்களுக்குச் சாதகம். நீங்கள் போவது கணக்கு வேலைக்கு. 20ஆம் தேதி இடத்தை விட்டு நகர மாட்டேன் என்கிற கணக்காளரை எந்த ஃபைனான்ஸ் மேனேஜரும் தப்பாக நினைக்கமாட்டார். பார்ட்டி பெயரோ எண்ணிக்கையோ எதுவும் வேண்டாம், ஒரே வரி போதும்.

கல்லாப்பெட்டி | செவ்வாய், காலை 6.55

இதில் நொய்யல்கரை அம்மாவோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. நான் ஒரு மில்லில் அக்கவுன்ட்ஸ் ஹெட். எங்கள் 3பி 18ஆம் தேதி மாலைக்குள் போய்விடும். பர்ச்சேஸ் வரி விவரம் வருகிற 2பி 14ஆம் தேதியே வந்துவிடுகிறது, நான்கு நாள் போதும். 20ஆம் தேதி திண்டாடுகிறேன் என்று ஒருவர் எழுதினால், இவருக்கு வேலையை முன்கூட்டி முடிக்கத் தெரியாது போலிருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். போர்ட்டல் கடைசி நாளில் சுற்றிக்கொண்டே நிற்கும் என்று தெரிந்தும் அதுவரை வைத்திருப்பது நல்ல பெயர் இல்லை. "முன்பே ஒப்புக்கொண்ட வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பனியன்கணக்கு | செவ்வாய், காலை 7.30

சார், அது உங்கள் கம்பெனி ஒன்றுக்கு. எங்களுக்கு 38. பில்லைக் கொடுக்கிறவர் 19ஆம் தேதி கொடுத்தால் நான் 18ஆம் தேதி எப்படி ஃபைல் பண்ணுவது?

கல்லாப்பெட்டி | செவ்வாய், காலை 7.41

புரிகிறதம்மா. எனக்குப் புரிகிறது, நேரில் உங்களைக் கேட்டால் நீங்கள் விளக்கிவிடுவீர்கள். ஆனால் மெசேஜில் அந்த விளக்கம் போகாது. அங்கே இருக்கிறவர் ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்தே பார்க்காதவராக இருந்தால்? அதைத்தான் சொன்னேன்.

நொய்யல்கரை | செவ்வாய், காலை 8.10

கல்லாப்பெட்டி சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இங்கே முதல் ரவுண்டில் பேசியவர் ஃபைனான்ஸ் மேனேஜர், இவர் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். அதனால் நான் சொல்வேன், நீங்கள் சொல்லமாட்டீர்கள். எழுதுகிறவர் முடிவு செய்யட்டும். நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"வணக்கம் மேடம். நான் ......, சீனியர் அக்கவுன்டன்ட் வேலைக்கு. 20ஆம் தேதி வியாழன் காலை 11.30 நேர்காணலுக்கு அழைத்ததற்கு நன்றி. அன்று ஜி.எஸ்.டி. 3பி தாக்கலுக்குக் கடைசி நாள், இப்போதைய ஆபீஸில் அந்தப் பொறுப்பு என்னிடம் இருப்பதால் அன்று வர முடியாது. 21 வெள்ளி காலை 11 மணிக்கு மேல் எந்த நேரமும், 22 சனி நாள் முழுவதும் நேரில் வர முடியும். சாருக்கு எது வசதி என்று சொன்னால் வந்துவிடுகிறேன். முதல் ரவுண்டில் சார் கேட்ட ஸ்டாக் கணக்கு விஷயத்தை நேரில் விரிவாகப் பேச விரும்புகிறேன். நேரம் மாற்றுவதில் உங்களுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறேன்."

புள்ளி வைத்த இடத்தில் உங்கள் முழுப் பெயர். எந்த வேலைக்கு என்பதையும் விடாதீர்கள். ஒரே சமயத்தில் ஃபிட்டர், ஸ்டோர் கீப்பர், அக்கவுன்டன்ட் என்று நாலைந்து வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருப்போம். வாட்ஸப்பில் உங்கள் படத்துக்குப் பதிலாக ரோஜாப்பூ இருந்தால் யார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஸ்டாக் கணக்கு என்பது நான் சும்மா போட்டது. உண்மையில் அவர் என்ன கேட்டாரோ அதைப் போடுங்கள். ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை என்றால் அந்த வரியை விட்டுவிடலாம்.

இன்னொன்று, இந்த மெசேஜை நான் படிப்பதோடு முடியாது. அப்படியே ஃபார்வர்ட் தட்டி மேனேஜருக்கு அனுப்பிவிடுவேன். அதனால்தான் வாய்ஸ் நோட் வேண்டாம் என்பேன். எம்.டி. மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு உங்கள் ஒன்றரை நிமிஷக் குரலைக் கேட்கமாட்டார், எழுத்தென்றால் ஒரு பார்வையில் முடிந்துவிடும்.

மதுரைக்காரி | செவ்வாய், காலை 8.25

தேதியை எண்ணில் எழுதியது ரொம்ப முக்கியம். நான் ஒரு தடவை "அடுத்த வெள்ளி வருகிறேன்" என்று எழுதினேன். நான் நினைத்தது நாலு நாளில் வருகிற வெள்ளி, அவர்கள் நினைத்தது அதற்கு அடுத்தது. நான் போய் நின்றபோது வாட்ச்மேனுக்கு மட்டும்தான் என்னைப் பார்த்து மகிழ்ச்சி.

கூடவே ஒரு எச்சரிக்கை, கொஞ்சம் திசை மாறினாலும். உங்கள் வாட்ஸப் ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பார்ட்டிகளிடம் பில் வாங்க நிறையப் பேர் அதைத் திறந்தே வைத்திருப்பார்கள். எனக்கு இன்டர்வியூ உறுதி செய்த மெசேஜ் திரை ஓரத்தில் எட்டிப் பார்த்தபோது என் பின்னால் எங்கள் மேனேஜர் நின்றிருந்தார்.

பனியன்கணக்கு | செவ்வாய், காலை 8.31

ஐயோ. திறந்துதான் இருந்தது. இப்போதே போனிலிருந்து லாக் அவுட் செய்துவிட்டேன். அக்கா, நீங்கள் தெய்வம்.

கிளமென்டி குமார் | செவ்வாய், காலை 9.02

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், இதில் நான் செய்தது தப்பா என்று இன்றுவரை தெரியவில்லை.

சென்னையில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்கு கூகுள் காலண்டரில் அழைப்பு அனுப்பினார்கள். அன்று அந்த நேரத்தில் எங்கள் சைட்டில் ஆய்வு. நான் அழைப்பில் இருந்த `No` என்பதைத் தட்டிவிட்டு, தனியாக மெயில் எழுதலாம் என்று இருந்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டு எழுதுவதற்குள் அங்கிருந்து பதில் வந்துவிட்டது: உங்கள் முடிவை மதிக்கிறோம், வாழ்த்துக்கள் என்று. நான் விலகிவிட்டதாக நினைத்துவிட்டார்கள். பிறகு போன் செய்து விளக்கினேன், பார்க்கலாம் என்றார்கள், அத்தோடு சரி. அதனாலா, இல்லை வேறு ஆள் கிடைத்துவிட்டாரா, எனக்குத் தெரியாது.

அதே அழைப்பில் `Propose a new time` என்று ஒன்று இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். அதைத் தட்டியிருந்தால் போதுமா?

நொய்யல்கரை | செவ்வாய், காலை 9.20

போதாது, ஆனால் `No`-வை விட எவ்வளவோ மேல். `No` தட்டினால் அழைப்பை அனுப்பியவருக்கு நீங்கள் வரவில்லை என்று மட்டும்தான் போகும், ஏன் என்று போகாது. அதனால் முதலில் மெசேஜ் அல்லது மெயில். காலண்டரை அப்படியே விட்டுவிடுங்கள். புது நேரம் முடிவானால் அவர்களே பழைய அழைப்பை நகர்த்துவார்கள், அப்போது `Yes` தட்டினால் போதும்.

உங்கள் மாதிரி வெளிநாட்டில் இருப்பவர்கள் நேரம் எழுதும்போது எந்த ஊர் நேரம் என்றும் எழுதிவிடுங்கள். உங்கள் காலை 10 எங்களுக்கு 7.30. அந்நேரம் நான் பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருப்பேன்.

ஓட்டைப்பேனா | செவ்வாய், காலை 9.44

சரி, காய்ச்சலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு யோசனை. ஆர்வத்தைக் காட்டணும் என்றால் 20க்கு முன்னாலேயே ஒரு நேரம் கொடுத்தால் என்ன? 19 புதன் காலை 8.30க்கு வீடியோவில் வருகிறேன் என்றால் அசந்துவிட மாட்டார்களா?

நொய்யல்கரை | செவ்வாய், காலை 10.15

நல்ல யோசனைதான், கொடுத்தால் கொடுத்தபடி நடக்க முடியும் என்றால். ஆனால் இவர் 18, 19 இரண்டு நாளும் மஞ்சப்பைகளுக்கு நடுவில் இருப்பார். புதன் காலை அரைத் தூக்கத்தில் எம்.டி. முன்னால் உட்காருவதைவிட சனிக்கிழமை தெளிவாக உட்காருவது மேல். ஒரு தடவை மாற்றக் கேட்டால் யாரும் தப்பாக எடுப்பதில்லை. நீங்களே கொடுத்த நேரத்தை இரண்டாவது முறை மாற்றக் கேட்டால்தான் பெயர் கெடும். அதனால் உறுதியாக முடிகிற நேரத்தை மட்டும் கொடுங்கள், அது இரண்டே இருந்தாலும் பரவாயில்லை.

பனியன்கணக்கு | செவ்வாய், காலை 10.40

அனுப்பிவிட்டேன். 3பி வரியை வைத்தேதான் அனுப்பினேன், கல்லாப்பெட்டி சார் மன்னிக்கணும். ஸ்டாக் கணக்குக்குப் பதிலாக, ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு திரும்பி வருவதை எப்படிக் கணக்கில் பின்தொடர்வீர்கள் என்று அவர் கேட்டதை எழுதினேன். அன்றைக்கு அதற்கு நான் அரைகுறையாகத்தான் பதில் சொல்லியிருந்தேன்.

நேற்று இரவே அனுப்பியிருக்கணுமோ?

மதுரைக்காரி | செவ்வாய், காலை 10.52

என்னைக் கேட்டால் ஆமாம். தெரிந்த நிமிஷம் அனுப்பிவிட வேண்டும். வியாழனுக்கு நடுவில் இரண்டே நாள்தான் இருந்தது.

நொய்யல்கரை | செவ்வாய், காலை 11.05

ராத்திரி பத்து மணிக்கு வந்திருந்தால் நான் படுக்கையில் படித்துவிட்டு மறந்திருப்பேன். காலையில் வருவதுதான் என் கையில் நிற்கும். இது ஆளுக்கு ஆள் மாறும். மறுநாள் காலைதான் இன்டர்வியூ என்றால் நள்ளிரவானாலும் அனுப்பிவிட வேண்டும், அதில் பேச்சே இல்லை.

பனியன்கணக்கு | செவ்வாய், மாலை 5.50

மதியம் இரண்டு நீலக் கோடு விழுந்தது. "ஓகே மா, செக் பண்ணி சொல்றேன்" என்று மட்டும் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இது ஓகேவா, இல்லையா?

நொய்யல்கரை | செவ்வாய், மாலை 6.30

இல்லை. அவர் பார்த்துவிட்டார் என்பதற்குத்தான் அந்த ஓகே. புதுத் தேதி, நேரம் எழுத்தில் வரும் வரை பழைய நேரம் அப்படியே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறையப் பேர் இந்த ஓகேயை நம்பிச் சும்மா இருந்துவிடுவார்கள். இங்கே பேனல் வந்து உட்கார்ந்திருக்கும், ஆள் வரமாட்டார், பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே நோ ஷோ என்று ஏறிவிடும். அப்புறம் அதை அழிக்க யாருக்கும் நேரமில்லை.

நாளை காலை 10.30 வரை பொறுங்கள். அதற்குப் பிறகு ஒரு போன் போடுங்கள், மெசேஜ் வேண்டாம். "நேற்று அனுப்பியிருந்தேன் மேடம், வெள்ளியா சனியா என்று தெரிந்தால் பஸ்ஸுக்கு ஏற்பாடு செய்துகொள்வேன்" என்று இரண்டு வாக்கியம். ஆபீஸுக்கு வெளியே வந்து பேசுங்கள்.

பனியன்கணக்கு | புதன், மதியம் 12.40

டீக்கடைக்குப் போகிற மாதிரி போய் 10.45க்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. 12.15க்கு மெசேஜ் வந்தது: "சனிக்கிழமை 10.30 வந்துடுங்க. எம்.டி. சார் அன்னைக்கு ஊர்ல இல்ல, எஃப்.எம். சார் மட்டும் பார்ப்பார். எம்.டி. அப்புறம் வீடியோல பேசுவார்."

எம்.டி. இல்லாதது நஷ்டமா? வியாழன் போயிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

நொய்யல்கரை | புதன், மதியம் 1.15

இருக்கலாம். அதுதான் தேதி மாற்றுவதன் விலை, அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு ரவுண்டு கூடியிருக்கிறது, அதற்குள் வேறு யாராவது எம்.டி.யைப் பார்த்திருக்கவும் கூடும். இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். "22ஆம் தேதி சனி காலை 10.30, ஃபேக்டரி அலுவலகத்தில், எஃப்.எம். சாரைச் சந்திக்கிறேன். மாற்றித் தந்ததற்கு நன்றி மேடம்" என்று திருப்பி எழுதிவிடுங்கள். இடத்தைச் சேர்த்து எழுதுங்கள், பல கம்பெனிகளுக்கு ஊருக்குள் ஒரு ஆபீஸ், ஊருக்கு வெளியே ஒரு ஃபேக்டரி இருக்கும். தப்பாக இருந்தால் அவரே திருத்துவார்.

பனியன்கணக்கு | புதன், மதியம் 1.32

திருத்திவிட்டார் அக்கா! ஃபேக்டரி இல்லையாம், சிட்டி ஆபீஸாம். நான் வேறு ஊர்க்கோடிக்குப் போய் நின்றிருப்பேன்.

பனியன்கணக்கு | சனி, மாலை 4.20

போய்விட்டு வந்தேன். முக்கால் மணி நேரம். உள்ளே போய் உட்கார்ந்ததும் சார் கேட்ட முதல் கேள்வி: "வியாழக்கிழமை எத்தனை மணிக்கு முடிஞ்சுது?" ராத்திரி 10.50க்குக் கடைசி பார்ட்டி ஓ.டி.பி. சொன்னார் என்று சொன்னேன். சிரித்தார். அப்புறம், ஏன் கடைசி நாள் வரைக்கும் போகிறது, இங்கே வந்தால் அதை எப்படி மாற்றுவீர்கள் என்று பதினைந்து நிமிஷம் அதையே பிடித்துக்கொண்டார். கல்லாப்பெட்டி சார், நீங்கள் சொன்ன கேள்விதான் அது. நல்லவேளை, இங்கே பேசியது மனசில் இருந்தது.

ஜாப் ஒர்க் கேள்விக்கு இந்தத் தடவை சலான் நம்பர் வைத்து ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். எம்.டி. எப்போது பேசுவார் என்று கேட்டதற்கு, வாரத்தில் சொல்வார்கள் என்றார்கள்.

கல்லாப்பெட்டி | சனி, மாலை 5.05

முடிஞ்சுது என்றதும் சிரித்தாரா, ஏன் லேட் என்று கேட்டபோது சிரித்தாரா?

பனியன்கணக்கு | சனி, மாலை 5.11

முடிஞ்சுது என்றபோதுதான் சார். அடுத்ததுக்குச் சிரிக்கவில்லை.

தாமிரபரணி மணி | சனி, மாலை 5.30

ஆஃபர் வந்ததும் சொல்லுங்கள். நோட்டீஸ் பீரியட் பற்றி நான் எழுதியது அப்படியே இருக்கிறது.